மஞ்சள் மேல் நாற்பது சதவீதக் கறுப்பு

திரையில் ஒரு நிறத்தின் மேல், அதை முழுதும் மறைக்காத இன்னொரு நிறத்தைப் பரப்பினால் கண்ணுக்குத் தெரிவது அந்த இரண்டில் எதுவும் அல்ல. மூன்றாவது ஒரு நிறம். கடையின் இணையதளத்தில் படத்தின் மேல் கறுப்புப் படலம் போட்டு அதன்மேல் விலையை எழுதுவார்கள். கைபேசிச் செயலியில் ஒரு பெட்டி திறந்ததும் பின்னால் இருப்பதெல்லாம் மங்கிப்போகும். தொலைக்காட்சிச் செய்தியின் அடியில் ஓடும் பட்டைக்குப் பின்னால் காட்சி லேசாகத் தெரியும். இந்த இடங்களிலெல்லாம் அந்த மூன்றாவது நிறம் பிறக்கிறது. அது என்னவாக இருக்கும் என்று பலர் கண்மதிப்பில்தான் தீர்மானிக்கிறார்கள். கீழே இருக்கும் நிறம் இன்னதென்று தெரிந்துவிட்டால் கண்மதிப்பு தேவையில்லை. பெருக்கலும் கூட்டலும் தெரிந்தவர் ஒரு துண்டுக் காகிதத்தில் விடையைக் கண்டுவிடலாம்.

திரையில் எந்த நிறமும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று எண்களால் ஆனது. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை போகும். மூன்றும் 0 என்றால் கறுப்பு, மூன்றும் 255 என்றால் வெள்ளை. மேலே பரப்பும் படலத்துக்கு இந்த மூன்றோடு நான்காவதாக ஓர் எண்ணும் உண்டு. படலம் எந்த அளவுக்கு மறைக்கிறது என்பதை அது சொல்லும். வடிவமைப்பாளர்கள் அதை ஒப்பாசிட்டி என்பார்கள். நிரல் எழுதுபவர்கள் ஆல்ஃபா என்பார்கள். 0 என்றால் படலம் இல்லாததற்குச் சமம். 1 அல்லது 100 சதவீதம் என்றால் கீழே இருப்பது துளியும் தெரியாது.

நிறத்தோடு ஆல்ஃபாவையும் ஒவ்வொரு புள்ளிக்கும் சேர்த்து வைக்கும் வழக்கம் 1970களின் பிற்பகுதியில் நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தில் எட் கேட்மல், ஆல்வி ரே ஸ்மித் ஆகியோரிடம் தொடங்கியது. 1984இல் லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தில் பணியாற்றிய தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் எழுதிய கட்டுரை, படங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவதற்கான கணக்குகளை முறையாக வகுத்தது. இந்த நால்வருக்கும் 1996இல் ஆஸ்கர் அகாதெமியின் அறிவியல் தொழில்நுட்பப் பிரிவு விருது கிடைத்தது. திரைப்படக் காட்சிகளை ஒட்டுவதற்காகப் பிறந்த கணக்கு அது. இன்று ஒவ்வொரு கைபேசித் திரையும் ஒரு நொடிக்குள் அதைப் பல லட்சம் முறை போடுகிறது.

படலம் நிறத்தைக் கலக்கும் விதத்தைப் புரிந்துகொள்ள ஒரு கொசுவலையை நினைத்தால் போதும். வலையின் பரப்பில் நூறில் நாற்பது பங்கு நூல், அறுபது பங்கு துளை என்று வைத்துக்கொள்வோம். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு நூலின் நிறம் நாற்பது பங்கும், துளை வழியே தெரியும் சுவரின் நிறம் அறுபது பங்கும் சேர்ந்து ஒரே நிறமாகத் தோன்றும். கணக்கும் இதுவேதான்:

```
விடை = ஆல்ஃபா × மேல்நிறம் + (1 − ஆல்ஃபா) × அடிநிறம்
```

சிவப்புக்கு ஒரு முறை, பச்சைக்கு ஒரு முறை, நீலத்துக்கு ஒரு முறை என மூன்று தடவை இதைப் போட வேண்டும். ஒரு நிறத்தின் கணக்கு இன்னொன்றைத் தொடாது. அடிநிறம் (240, 200, 80), அதாவது வெளிர் மஞ்சள். மேல்நிறம் (0, 80, 160) என்ற நீலம், ஆல்ஃபா 0.25. சிவப்பில் மேலிருந்து வருவது 0, கீழிருந்து வருவது 240இல் முக்கால் பங்கு, ஆக 180. பச்சையில் 20உம் 150உம் சேர்ந்து 170. நீலத்தில் 40உம் 60உம் சேர்ந்து 100. விடை (180, 170, 100), சற்றுப் பசுமை தட்டிய மங்கல் காக்கி.

இதையே மனக்கணக்காகப் போட இன்னொரு வழி உண்டு. அடிநிறத்திலிருந்து மேல்நிறத்தை நோக்கி, இடைவெளியில் ஆல்ஃபா பங்கு தூரம் நகர்ந்தால் விடை வந்துவிடும். சிவப்பு 240லிருந்து 0 வரை இடைவெளி 240. அதில் கால் பங்கு 60 இறங்கினால் 180. பச்சையில் இடைவெளி 120. கால் பங்கு 30 இறங்கினால் 170. நீலம் 80லிருந்து 160க்கு ஏறுகிறது. கால் பங்கு 20 ஏறினால் 100. இந்த வழியில் ஒரு சௌகரியம், விடை எப்போதும் இரண்டு நிறங்களுக்கும் நடுவில்தான் விழும் என்பது உடனே தெரியும். விடை அந்த எல்லைக்கு வெளியே போனால் எங்கோ கூட்டல் தவறியிருக்கிறது.

வண்ணக் கண்ணாடித்தாளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த விடைகள் சில நேரம் வியப்பாக இருக்கும். நீலத்தின் மேல் மஞ்சள் கண்ணாடித்தாளை வைத்தால் அது நீல ஒளியை உறிஞ்சிவிடும். மிஞ்சுவது ஏறக்குறைய கறுப்பு. திரையில் (0, 0, 255) என்ற நீலத்தின் மேல் (255, 255, 0) என்ற மஞ்சளை 50 சதவீதத்தில் பரப்பினால் வருவது (128, 128, 128), அதாவது சாம்பல். ஆல்ஃபா படலம் ஒளியை வடிகட்டுவதில்லை. பங்கு போட்டு மறைக்கிறது. கண்ணாடித்தாளின் விளைவு வேண்டுமென்றால் படம் திருத்தும் மென்பொருள்களில் `Multiply` என்ற தனிக் கலவை முறை இருக்கிறது. அதன் கணக்கு வேறு.

இனி ஒரு முழு உதாரணம். ஒரு விளம்பரப் பட்டையின் பின்னணி மஞ்சள், `#F2B705`. இந்தக் குறியில் இரண்டிரண்டு எழுத்தாகப் பதினாறடிமான எண்கள் இருக்கின்றன. பிரித்தால் சிவப்பு 242, பச்சை 183, நீலம் 5. அதன் மேல் வெள்ளை எழுத்து வேண்டும் என்பது வாடிக்கையாளரின் ஆசை. மஞ்சளில் வெள்ளை எடுபடாது என்பது சுவரில் எழுதிப் பழகிய எந்த ஓவியருக்கும் தெரியும். எவ்வளவு எடுபடாது என்பதை எண்ணாகவும் சொல்லலாம். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அணுகல் விதிகளில் வேறுபாட்டு விகிதம் என்று ஓர் அளவு உண்டு. இரு நிறங்களின் ஒளிர்வையும் கணக்கிட்டு, ஒவ்வொன்றோடும் 0.05ஐக் கூட்டி, பெரியதைச் சிறியதால் வகுத்தால் வருவது அந்த விகிதம். வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடையே அது 21. சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5 வேண்டும், பெரிய எழுத்துக்கு 3 போதும். நம் மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் இடையே விகிதம் 1.8தான்.

பட்டையின் மஞ்சளைக் கைவிடாமல் எழுத்தைத் தெளிவாக்கக் கறுப்புப் படலம் ஒன்றைப் பரப்புவது வழக்கமான தீர்வு. கறுப்பின் மூன்று எண்களும் 0 என்பதால் கணக்கில் முதல் பகுதி காணாமல் போகிறது. அடிநிறத்தை மீதிப் பங்கால் பெருக்கினால் போதும். ஆல்ஃபா 35 சதவீதம் என்றால் 0.65ஆல் பெருக்க வேண்டும்: 157.3, 118.95, 3.25. முழு எண்ணாக்கினால் (157, 119, 3). இதன்மேல் வெள்ளைக்கு விகிதம் ஏறக்குறைய 4.1, போதவில்லை. ஆல்ஃபா 40 சதவீதம் என்றால் 0.6ஆல் பெருக்கல்: 145.2, 109.8, 3. முழு எண்ணாக்கினால் (145, 110, 3), குறியாக எழுதினால் `#916E03`. இப்போது விகிதம் 4.7. விதியைத் தாண்டிவிட்டது, சற்று மிச்சமும் இருக்கிறது. மஞ்சள் இப்போது பழைய பித்தளையின் நிறத்துக்கு இறங்கிவிட்டது என்பதும் உண்மை. வாடிக்கையாளருக்கு அது பிடிக்குமா என்பதைக் கணக்கு சொல்லாது.

இதை இணையப் பக்கத்தில் எழுதும்போது இரண்டு வழிகள் இருக்கின்றன. பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும் அவற்றில் ஒன்று தவறானது.

```css
.veil { background-color: rgb(0 0 0 / 40%); color: #FFFFFF; }
```

```css
.veil { background-color: #000000; color: #FFFFFF; opacity: 0.4; }
```

முதல் வழியில் படலத்தின் கறுப்புக்கு மட்டும் 40 சதவீதம். எழுத்து முழு வெள்ளையாகவே நிற்கும். இரண்டாவதில் பெட்டியும் அதற்குள் இருக்கும் எழுத்தும் சேர்ந்தே 40 சதவீதத்துக்கு மங்குகின்றன. பெட்டியின் நிறம் இரண்டிலும் (145, 110, 3)தான், அதனால் மேலோட்டமாகப் பார்ப்பவருக்குப் பிழை தெரியாது. எழுத்தைக் கணக்கிட்டால் தெரியும்: வெள்ளையிலிருந்து 102, மஞ்சளிலிருந்து 145.2, 109.8, 3. கூட்டினால் (247, 212, 105). வெள்ளையாக இருக்க வேண்டிய எழுத்து வெளிறிய மஞ்சளாகிவிட்டது, விகிதம் 4.7லிருந்து 3.3க்கு இறங்கிவிட்டது. எழுத்தில் பின்னணியின் சாயல் ஏறியிருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்த `opacity` வரியைத்தான்.

ஆல்ஃபாவையும் நிறக்குறிக்குள்ளேயே எட்டு எழுத்தாக எழுதும் பழக்கம் உண்டு. 255இல் 40 சதவீதம் சரியாக 102. பதினாறடிமானத்தில் அது 66. இணையத்துக்கான சிஎஸ்எஸ்ஸில் ஆல்ஃபா கடைசியில் வரும்: `#00000066`. ஆண்ட்ராய்டு செயலிகளில் அது முதலில் வரும்: `#66000000`. ஆண்ட்ராய்டுக் குறியை அப்படியே இணையப் பக்கத்தில் ஒட்டினால், அது (102, 0, 0) என்ற கருஞ்சிவப்பு, ஆல்ஃபா 0 என்று படிக்கப்படும். படலமே தெரியாது. பிழைச் செய்தியும் வராது, ஏனென்றால் குறியில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. எதிர்த்திசையில் ஒட்டினாலும் இதே கதிதான்: ஆண்ட்ராய்டு முதல் இரண்டு எழுத்தை ஆல்ஃபா 0 என்று எடுத்துக்கொண்டு, மீதியை ஒரு கருநீலமாகப் படித்து, எதையும் காட்டாமல் விட்டுவிடும்.

ஒன்றுக்கு மேற்பட்ட படலங்கள் அடுக்கப்பட்டால் கணக்கைக் கீழிருந்து மேலாகப் போட வேண்டும். முதல் படலத்தின் விடை அடுத்த படலத்துக்கு அடிநிறம். இங்கே பலர் சதவீதங்களைக் கூட்டிவிடுகிறார்கள். 30 சதவீதக் கறுப்பு இரண்டு அடுக்கினால் 60 சதவீதம் என்று நினைப்பது இயல்பு. முதல் படலம் 70 சதவீதத்தைத் தெரியவிடுகிறது. இரண்டாவது, அந்த எழுபதில் 70 சதவீதத்தை மட்டும் தெரியவிடுகிறது. 0.7ஐ 0.7ஆல் பெருக்கினால் 0.49. ஆக மறைப்பது 51 சதவீதம். வெள்ளைப் பின்னணியில் விடை 125; கூட்டிப் போட்டவர் எதிர்பார்த்திருப்பது 102. ஒரு பெட்டியின் மேல் இன்னொரு பெட்டி திறக்கும் செயலிகளில், இரண்டும் தனித்தனியே பின்னணியை மங்கச் செய்வதால் திரை எதிர்பாராமல் இருண்டுபோவது இதனால்தான். இதே காரணத்தால், எத்தனை படலம் அடுக்கினாலும் கணக்குப்படி மறைப்பு 100 சதவீதத்தைத் தொடாது, நெருங்கிக்கொண்டே போகும்.

படலங்கள் ஒரே நிறமாக இருந்தால் எது மேலே, எது கீழே என்பது பொருட்டில்லை. நிறம் வேறானால் வரிசை விடையை மாற்றிவிடும். வெள்ளையின் மேல் சிவப்பு 50 சதவீதம், அதன்மேல் நீலம் 50 சதவீதம் என்றால் (128, 64, 191). வரிசையை மாற்றினால் (191, 64, 128). முதலாவது ஊதா, இரண்டாவது நாவல்பழச் சிவப்பு. மறைப்பு இரண்டிலும் 75 சதவீதமே. கடைசியாகப் பரப்பிய நிறம் தன் பங்கை முழுதாகப் பெறுகிறது, கீழே உள்ளதோ மேலே இருப்பது விட்டுவைத்ததில்தான் பங்கு பெறுகிறது.

விடையிலிருந்து பின்னோக்கிப் போக முடியுமா என்ற கேள்வி அடிக்கடி எழும். வேறொருவர் செய்த படலம் கையில் இருக்கிறது. அதன் நிறமும் ஆல்ஃபாவும் தெரியவில்லை. ஒரே ஒரு பின்னணியில் வந்த விடையை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. வெள்ளையின் மேல் இளஞ்சிவப்பு தெரிந்தால் அது அடர்சிவப்பு கொஞ்சமாகவும் இருக்கலாம், இளஞ்சிவப்பு முழுதாகவும் இருக்கலாம். ஒரே படலத்தை வெள்ளையின் மேலும் கறுப்பின் மேலும் வைத்துப் பார்க்க முடிந்தால் புதிர் அவிழ்ந்துவிடும். கறுப்பின் மேல் (90, 30, 12), வெள்ளையின் மேல் (192, 132, 114) என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். மூன்று எண்களிலும் வித்தியாசம் 102. இந்த வித்தியாசம் முழுவதும் பின்னணியிலிருந்து கசிந்து வந்தது. 102ஐ 255ஆல் வகுத்தால் 0.4, அதுதான் தெரியவிட்ட பங்கு. எனவே ஆல்ஃபா 0.6. கறுப்பின் மேல் வந்த விடையில் பின்னணியின் பங்கு எதுவும் இல்லாததால், அதை 0.6ஆல் வகுத்தால் படலத்தின் உண்மை நிறம் கிடைக்கும்: (150, 50, 20). இரண்டு பின்னணிகளை வைத்துப் பொருளைத் தனியே பிரிக்கும் இந்த முறையை ஆல்வி ரே ஸ்மித்தும் ஜேம்ஸ் ப்ளின்னும் 1996இல் நீலத்திரைப் படப்பிடிப்பு பற்றிய கட்டுரையில் விளக்கினார்கள். நீலத்திரை அல்லது பச்சைத்திரை முன் ஒரே பின்னணியில் எடுத்த படத்தில், முடியோரத்தைச் சுத்தமாகப் பிரிப்பது ஏன் பெரும்பாடாக இருக்கிறது என்பதற்கும் காரணம் இதுதான்: அங்கே தெரியாதவை அதிகம், தெரிந்தவை குறைவு.

இதுவரை சொன்ன கணக்கில் ஒரு நுட்பமான சிக்கல் மறைந்திருக்கிறது. 0 முதல் 255 வரையான எண்கள் ஒளியின் அளவை நேராகக் குறிப்பவை அல்ல. மனிதக் கண் இருண்ட நிறங்களுக்கிடையே உள்ள வேறுபாட்டை நுணுக்கமாகக் காணும் என்பதால், எஸ்ஆர்ஜிபி என்ற பொதுத் தரம் எண்களை இருட்டுப் பக்கம் நெருக்கமாகப் பங்கிட்டிருக்கிறது. அதனால் 128 என்பது 255இன் பாதி என்றாலும், திரையிலிருந்து வரும் ஒளி வெள்ளையின் ஒளியில் ஏறக்குறைய 22 சதவீதம்தான். உண்மையில் பாதி ஒளி வேண்டுமென்றால் எண் 188 ஆக இருக்க வேண்டும்.

இணைய உலாவிகள் இதைப் பொருட்படுத்துவதில்லை. வழக்கமான நிறக்குறிகளில் எழுதிய படலத்தை அவை எண்களை அப்படியே வைத்துக் கலக்கின்றன. மேலே சொன்ன (145, 110, 3) அந்த வழியில் வந்த விடை. முப்பரிமாண விளையாட்டுகளும் திரைப்படக் காட்சிக் கோர்ப்பும் பெரும்பாலும் வேறு வழியில் போகின்றன: எண்களை முதலில் உண்மையான ஒளி அளவாக மாற்றி, கலந்து, பிறகு திரும்ப எண்ணாக்குகின்றன. அந்த வழியில் நம் மஞ்சளின் மேல் அதே 40 சதவீதக் கறுப்பைப் பரப்பினால் விடை ஏறக்குறைய (193, 145, 3). வெள்ளை எழுத்துக்கு விகிதம் 2.9க்குள் நின்றுவிடும். இணையத்தில் தேறிய அதே படலம் விளையாட்டில் தேறாது. யூனிட்டி போன்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருளில் `Linear` என்ற நிறவெளியைத் தேர்ந்தெடுத்துவிட்டு, வேறிடத்தில் வடிவமைத்த திரைகளைக் கொண்டுவந்தால் கறுப்புப் படலங்களெல்லாம் வெளிறித் தெரிவதற்கு இதுவே காரணம். எது சரியான வழி என்று கேட்டால், இயற்கையில் ஒளி நடந்துகொள்வதற்கு இரண்டாவதே பொருத்தம். ஆனால் இணையப் பக்கத்துக்கு விடை காண்பவர் உலாவி போடும் கணக்கைத்தான் போட வேண்டும். இயற்பியலைத் துணைக்கழைத்தால் விடை திரையோடு ஒட்டாது.

விடையைத் திரையில் சரிபார்க்க, நிறம் எடுக்கும் கருவியை அந்த இடத்தில் வைத்து எண்களைப் படித்தால் போதும். கணக்கோடு ஓர் எண் கூடவோ குறையவோ இருந்தால் கவலை வேண்டாம். அது பின்னத்தை முழு எண்ணாக்கியதில் வந்தது. 50 சதவீதம் போன்ற ஆல்ஃபா இதற்குப் பழகிய இடம். 255இல் பாதி 127.5 என்பதால் எட்டு எழுத்துக் குறியில் அதை 128 ஆக்கித்தான் எழுத முடியும். மூன்று எண்களும் கணிசமாக மேலேறி, நிறம் வெளிறித் தெரிந்தால் ஒளி அளவில் கலக்கும் மென்பொருள் ஒன்று நடுவில் இருக்கிறது. எதிர்பார்த்ததைவிட இருண்டிருந்தால் கணக்கில் வராத இன்னொரு படலம் இருக்கலாம். ஆப்பிள் கணினியின் `Digital Color Meter` கருவி, வேறு விதமாகச் சொல்லாதவரை, அந்தத் திரைக்கே உரிய எண்களைக் காட்டும். அதை `Display in sRGB` என்று மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும். இந்த ஒரு தேர்வை மறந்ததால் சரியான கணக்கைத் தவறென்று நினைத்துத் திருத்தப் போனவர்கள் உண்டு.

அடிநிறம் நிலையானது என்றால், விடையைக் கண்ட பிறகு படலத்தையே நீக்கிவிட்டு `#916E03` என்று நேரடியாக எழுதிவிடலாம். சில இடங்களில் வேறு வழியும் கிடையாது. ஜேபெக் படத்தில் ஆல்ஃபாவுக்கு இடமே இல்லை. அச்சகங்கள் பல காலம் கேட்டுவந்த பிடிஎஃப்/எக்ஸ்-1ஏ வடிவத்தில் ஒளி ஊடுருவும் அடுக்குகளுக்கு அனுமதி இல்லை. அனுப்புவதற்கு முன்பே எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கிவிட வேண்டும். அச்சில் நிறம் சிவப்பு பச்சை நீலமாக இல்லாமல் நான்கு மைகளாகக் கலக்கப்படுவதால், திரைக்குப் போட்ட கணக்கின் விடை அங்கே அப்படியே வராது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பின்னணி ஒரு புகைப்படமாக இருந்தாலோ, நாள்தோறும் மாறும் படமாக இருந்தாலோ, அடிநிறம் என்று ஒன்று கிடையாது. அப்போது மோசமான நிலையை எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவதுதான் வழி. வெள்ளை எழுத்துக்கு மோசமான பின்னணி வெள்ளை. அதன்மேல் 40 சதவீதக் கறுப்பு பரப்பினால் வருவது 153 என்ற சாம்பல், விகிதம் 2.8. விகிதம் 4.5ஐத் தாண்ட வேண்டுமானால் சாம்பல் 118 அல்லது அதற்குக் கீழே இறங்க வேண்டும். 53 சதவீதக் கறுப்பு 120இல் நின்றுவிடுகிறது. 54 சதவீதம் 117ஐத் தருகிறது. அதற்கு மேல் பரப்பினால் எந்தப் புகைப்படத்தின் எந்தப் புள்ளியிலும், உலாவியில், வெள்ளை எழுத்து விதியைத் தாண்டும். பின்னணி தெரிந்த நம் மஞ்சள் பட்டைக்கு 40 போதும். என்ன படம் வரும் என்று தெரியாத இடத்துக்கு 54 வேண்டும்.